சர்க்கரை நோய்க் கருத்தரங்குக்குத் தமிழ் சப்டைட்டில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள விடைகள் எல்லாம் ஒரே வகைப் பணியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பிரிட்டனைச் சேர்ந்த ஒரு சர்க்கரை நோய் மருத்துவர் நோயாளிகளுக்காக ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம் பேசுகிறார். அந்தப் பதிவுக்குத் தமிழ்நாட்டுப் பார்வையாளர்களுக்கான சப்டைட்டில் எழுதப்படுகிறது. திரையில் ஒரு சமயத்தில் தோன்றி மறையும் ஈரடியை இங்கே ‘துண்டு’ என்று குறிப்பிடுகிறேன்.

‘சர்க்கரை நோய்’ என்று எழுதுவதா, ‘நீரிழிவு’ என்று எழுதுவதா?

இரண்டும் சரியான சொற்களே. யார் பார்க்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒன்றைத் தேர்ந்துகொண்டு, முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை அதையே எழுத வேண்டும். தமிழ்நாட்டில் நோயாளிகள் பேச்சில் சர்க்கரை என்றோ சுகர் என்றோதான் சொல்கிறார்கள். ஆகவே ‘சர்க்கரை நோய்’ கண்ணில் பட்டவுடன் புரிந்துவிடும். இலங்கைப் பார்வையாளர்களுக்கென்றால் ‘நீரிழிவு’ பொருத்தமானது. அங்கே இந்த ஒரு சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. இரத்த அழுத்தம் அங்கே குருதி அமுக்கம், பக்கவாதம் பாரிசவாதம், மருத்துவர் வைத்தியர், செவிலியர் தாதி. இரு நாட்டுக்கும் பொதுவாக ஒரே கோப்பைத் தர முயன்றால் இரு தரப்புக்கும் அரைகுறையாகவே அமைகிறது என்பது என் அனுபவம். இரண்டு கோப்புகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. நேரக் குறிப்புகள் இரண்டுக்கும் பொதுவானவை என்பதால் வேலை இருமடங்காகிவிடாது.

‘சர்க்கரை நோய்’ என்று முடிவு செய்தால் வேறொரு சிக்கல் வரும். நோய்க்கும் சர்க்கரை, இரத்தத்தில் உள்ள குளுக்கோசுக்கும் சர்க்கரை, காப்பியில் போடுவதும் சர்க்கரை என்று மூன்றும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. “சர்க்கரை குறைந்தால் சர்க்கரை சாப்பிடுங்கள்” என்பது திரையில் நகைச்சுவையாகத்தான் தெரியும். இதற்கு நான் வைத்திருக்கும் ஏற்பாடு: நோய் ‘சர்க்கரை நோய்’, இரத்தத்தில் உள்ளது ‘ரத்தச் சர்க்கரை’, கடையில் வாங்குவது ‘சீனி’. சீனி என்ற சொல் தென் மாவட்டங்களிலும் இலங்கையிலும் அன்றாட வழக்கில் உள்ளது. மற்ற இடங்களிலும் புரியாமல் போவதில்லை.

ஹைப்போகிளைசீமியா, ஹைப்பர்கிளைசீமியா இரண்டும் அடிக்கடி வருகின்றன. இவற்றை எப்படித் தமிழில் எழுதுவது?

முன்னது சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடுவது, பின்னது அளவுக்கு மீறி ஏறிவிடுவது. செய்ய வேண்டியவையும் நேர் எதிரானவை. ஆங்கில ஒலியைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதினால் இரண்டுக்கும் தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருக்கும். நான்கு நொடியில் மறையும் துண்டில் நடுவிலுள்ள ஓரிரு எழுத்து வேறுபாட்டைக் கண் பிடிப்பது கடினம். பேச்சாளர்களும் இவற்றை முழுமையாக உச்சரிப்பதில்லை, ‘ஹைப்போ’ என்று சுருக்கிவிடுகிறார்கள். கணினி தானாக எழுதித் தரும் ஆங்கிலப் பிரதியில் இவ்விரண்டும் இடம் மாறியிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த இடங்களை எல்லாம் ஒலியைக் கேட்டும், முன்பின் வாக்கியங்களின் பொருளைக் கொண்டும் உறுதி செய்த பிறகே மொழிபெயர்க்க வேண்டும்.

தமிழில் முதலில் மனத்தில் தோன்றுவது ‘சர்க்கரை குறைதல்’ என்பது. அது இங்கே பொருந்தாது. சர்க்கரை குறைவது நோயாளிக்கு நல்ல செய்தி. மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் அதற்காகத்தானே. “சர்க்கரை குறைந்தால் உடனே செயல்படுங்கள்” என்று படித்தால், மூன்று மாதம் பாடுபட்டு அளவைக் குறைத்த ஒருவருக்குக் குழப்பமே மிஞ்சும். ‘குறைசர்க்கரை’ என்று சுருக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். திரையில் அது ‘சர்க்கரையைக் குறை’ என்ற கட்டளை போலப் படிக்கப்பட்டது. கடைசியில் நான் நிலைகொண்டது ‘தாழ்சர்க்கரை’, ‘உயர்சர்க்கரை’ என்ற இணையில். இரண்டும் முதல் எழுத்திலேயே வேறுபடுகின்றன. தாழ், உயர் என்ற இரண்டும் செயப்படுபொருள் ஏற்காத வினைகள் என்பதால், ‘சர்க்கரையைக் குறை’ போன்ற கட்டளையாகப் படிக்கப்படுவதில்லை. ‘தாழ்சர்க்கரை மயக்கம்’ என்பது போல மற்ற சொற்களோடும் எளிதில் சேர்கின்றன. முதன்முறை வரும்போது மட்டும் ‘தாழ்சர்க்கரை, அதாவது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுவது’ என்று விளக்கம் சேர்த்து, அந்தத் துண்டுக்குக் கூடுதலாக ஒரு நொடி தரலாம்.

சொற்பட்டியல் வைத்திருந்தும் கடைசியில் ஒரே பொருளுக்கு மூன்று சொற்கள் வந்துவிடுகின்றன. ஏன்?

பெரும்பாலும் பட்டியலில் பிழை இருப்பதில்லை; அதைக் கொண்டு தேடும் முறையில்தான் பிழை. தமிழ்ச் சொல் வேற்றுமை ஏற்கும்போது உருமாறுகிறது. ‘சிறுநீரகம்’ என்று தேடினால் ‘சிறுநீரகத்தில்’, ‘சிறுநீரகங்களை’ ஆகியவை அகப்படுவதில்லை. ‘நரம்புச் சேதம்’ என்று தேடினால் ‘நரம்புச் சேதத்தால்’ தப்பிவிடும். ஆகவே பட்டியலில் முழுச் சொல்லுக்குப் பக்கத்தில் தேடுவதற்கான பகுதியையும் எழுதி வைக்க வேண்டும்: ‘சிறுநீரக’, ‘நரம்புச் சேத’, ‘விழித்திரை’. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி, விலக்கப்பட்ட சொற்களுக்கானது. அதுதான் உண்மையில் அதிகம் பயன்படுகிறது என்பேன். ‘ரத்தம்’ என்று முடிவு செய்திருந்தால் ‘இரத்த’, ‘குருதி’ இரண்டும் விலக்குப் பட்டியலில் இருக்க வேண்டும்; இறுதியில் கோப்பு முழுவதும் அவற்றைத் தேடி, ஒன்றும் அகப்படவில்லை என்று பார்த்தால் போதும். (இந்த விடைகளின் உரைநடையில் நான் இரத்தம் என்றே எழுதுகிறேன். திரையில் ஓர் எழுத்து மிச்சமாவது எனக்கு முக்கியம்.)

இன்னொரு காரணம் கண்ணுக்கே தெரியாதது. ‘கொழுப்பு’ என்ற சொல்லில் உள்ள ‘கொ’வை இரண்டு விதமாகத் தட்டச்சிட முடியும். ஒன்றில் ககரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒரே குறியீடாக (U+0BCA) இருக்கும். மற்றதில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக (U+0BC6, U+0BBE) இருக்கும். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தாலும், பல மென்பொருள்களின் தேடல் இவற்றை வெவ்வேறு சொற்களாகக் கொள்கிறது. இருவர் பகிர்ந்து செய்யும் வேலையில், இருவரின் விசைப்பலகை மென்பொருளும் வேறாக இருந்தால், இது எளிதில் நேரும். தேடத் தொடங்கும் முன் கோப்பை NFC வடிவத்துக்கு, அதாவது இவ்விரண்டையும் ஒரே குறியீடாக்கும் யூனிகோடு வடிவத்துக்கு, மாற்றிவிடுவதே தீர்வு. அதே நிரலில் எழுத்தெண்ணிக்கையையும் பார்த்துக்கொள்ளலாம்:

```python
import unicodedata as u

def ezhuthu(s):
    s = u.normalize("NFC", s)
    return sum(1 for c in s if u.category(c)[0] != "M")
```

மென்பொருள் ஒவ்வொரு துண்டையும் சிவப்பில் காட்டி ‘நீளம் அதிகம்’ என்கிறது. ஒரு வரியில் எத்தனை எழுத்து இருக்கலாம்?

மென்பொருள் எதை எண்ணுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். ஒரு வரியில் ‘நீரிழிவு’ என்று மட்டும் எழுதிப் பாருங்கள். நம் கணக்கில் அதில் நான்கு எழுத்து. மென்பொருள் 8 என்று காட்டினால் அது உயிர்க்குறிகளையும் தனித்தனியாக எண்ணுகிறது என்று பொருள். அப்படிப்பட்ட மென்பொருளில் ஆங்கிலத்துக்கு வழங்கும் வரிக்கு 42 என்ற வரம்பு தமிழில் ஏறத்தாழ 26 எழுத்தாகச் சுருங்கிவிடும். 4 என்று காட்டினால் அதே 42 மிகத் தாராளமாகிவிடும். ‘ணை’, ‘ழு’ போன்ற அகலமான எழுத்துகள் சேர்ந்து வரி திரையின் ஓரத்தைத் தொட்டுவிடும்.

இடைவெளியும் நிறுத்தக்குறியும் உட்பட வரிக்கு 24 எழுத்து, நொடிக்கு 10 எழுத்து, துண்டுக்கு இரண்டு வரி என்பதே நான் கடைப்பிடிக்கும் அளவு. பேச்சாளர் கதை சொல்லும் இடத்தில் நொடிக்கு 12 வரை போகலாம். மருந்தளவு சொல்லும் இடத்தில் அப்படிப் போவதில்லை. பார்வையாளர்களில் பலர் முதியவர்கள், கைபேசியில் பார்ப்பவர்கள், சிலருக்குச் சர்க்கரை நோயாலேயே பார்வை மங்கியிருக்கும் என்பதை வைத்து நான் வகுத்துக்கொண்ட அளவு இது.

பேச்சாளர் வேகமாகப் பேசுகிறார். எதை விடலாம், எதை விடக் கூடாது?

ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். தாழ்சர்க்கரை வந்தால் என்ன செய்வது என்று பேச்சாளர் 12 நொடியில் சொல்லி முடிக்கிறார். ஒன்றையும் விடாமல் மொழிபெயர்த்தால் இப்படி வரும்: “உங்கள் ரத்தச் சர்க்கரை நான்குக்குக் கீழே இறங்கினால் தாமதிக்காமல் வேகமாகச் செரிக்கக்கூடிய மாவுச்சத்துப் பொருள் பதினைந்து கிராம், எடுத்துக்காட்டாக மூன்று அல்லது நான்கு குளுக்கோஸ் மாத்திரைகளையோ ஒரு சிறிய குவளைப் பழச்சாற்றையோ எடுத்துக்கொண்டு, பதினைந்து நிமிடம் காத்திருந்து, மீண்டும் ரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துப் பாருங்கள்.” இதில் 197 எழுத்து உள்ளது; நொடிக்கு 16 எழுத்துக்கு மேல். தமிழ் நன்றாகப் படிப்பவரும் பாதியில் நின்றுவிடுவார். மேலும் வினைமுற்று கடைசியில் நிற்பதால், அதுவரை வந்த எல்லாவற்றையும் அவர் நினைவில் சுமந்துகொண்டிருக்க வேண்டும்.

கோப்பில் போனது இது:

```
118
00:12:04,000 --> 00:12:08,000
ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே
இறங்கினால் தாமதிக்காதீர்கள்.

119
00:12:08,100 --> 00:12:12,600
3-4 குளுக்கோஸ் மாத்திரைகளையோ
சிறு குவளைப் பழச்சாற்றையோ சாப்பிடுங்கள்.

120
00:12:12,700 --> 00:12:16,200
15 நிமிடம் காத்திருந்து,
மீண்டும் பரிசோதியுங்கள்.
```

மொத்தம் 107 எழுத்து. ஒவ்வொரு துண்டும் தன்னளவில் முடியும் ஒரு கட்டளை. முன் துண்டைத் தவறவிட்டவருக்கும் அடுத்தது பயன்படும். ‘உங்கள்’ போயிற்று, ‘எடுத்துக்காட்டாக’ போயிற்று, எண்கள் எண்ணுருவாயின. ‘15 கிராம்’ என்பதை விட்டது மட்டும் யோசித்துச் செய்த முடிவு. மூன்று நான்கு மாத்திரை என்பதே அந்த 15 கிராம்தான். வீட்டில் யாரும் மாவுச்சத்தை எடை போட்டுப் பார்ப்பதில்லை. 15 கிராமும் 15 நிமிடமும் அடுத்தடுத்து வந்தால் ஒன்றோடொன்று குழம்பும். 15 கிராம் என்ற எண் பேச்சாளர் திரையில் காட்டிய படவில்லையிலும் இருந்தது. இருந்தாலும் ஓர் அளவைக் கைவிட்டேன் என்பதைத் தனியாகக் குறித்து, சரிபார்க்கும் மருத்துவருக்கு அனுப்பினேன். அவர் ஒப்புக்கொண்ட பிறகே அது நிலைத்தது.

இடத்தை மிச்சப்படுத்த ‘இனிப்பு சாப்பிடுங்கள்’ என்று எழுதத் தோன்றும். நம் ஊரில் இனிப்பு என்றால் லட்டும் மைசூர்பாகும்தான் நினைவுக்கு வரும். நெய் சேர்ந்த பண்டத்திலிருந்து சர்க்கரை இரத்தத்தில் கலக்கத் தாமதமாகும் என்பதால், அந்தச் சுருக்கம் அறிவுரையையே கெடுத்துவிடும்.

பேச்சாளர் 4 என்று சொன்னதை நீங்கள் 70 என்று எழுதியிருக்கிறீர்களே, அது சரியா?

பிரிட்டனில் இரத்தச் சர்க்கரையை mmol/L என்ற அலகில் அளக்கிறார்கள். இந்தியாவில் வீட்டுக் கருவியும் ஆய்வக அறிக்கையும் mg/dL-இல் காட்டுகின்றன. முன்னதை 18-ஆல் பெருக்கினால் பின்னது கிடைக்கும். நான்கு என்பது 72. உணவுக்கு முன் 4 முதல் 7 வரை என்றால் 72 முதல் 126 வரை. மாற்றாமல் ‘4-க்குக் கீழே’ என்று விட்டால், தன் கருவியில் 65 என்று பார்க்கும் நோயாளி தனக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுவார்.

72 எப்படி 70 ஆனது என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி. சப்டைட்டில் எழுதுபவர் தாமாக ஓர் எண்ணை முழுமையாக்கக் கூடாது. நான் 72 என்றே எழுதி, கேள்விக் குறிப்போடு அனுப்பினேன். இந்திய மருத்துவர்கள் தாழ்சர்க்கரைக்குக் கொள்ளும் எல்லை 70 (3.9 mmol/L) என்பதால் அதையே போடும்படி சரிபார்த்த மருத்துவர் எழுதினார். பேச்சாளர் நான்கு என்ற தம் எல்லையை ஆங்கிலத்தில் ஒரு சொல்விளையாட்டாகவும் சொன்னார். நான்கு என்ற எண்ணும் தரை என்ற சொல்லும் அம்மொழியில் ஒலியால் இயைபவை. தமிழில் அதற்கு இயைபு தேடி நேரத்தைச் செலவிடவில்லை; “70-க்குக் கீழே போக விடாதீர்கள்” என்று முடித்துக்கொண்டேன். படவில்லையில் 4 என்றே தெரியும் என்பதால், பதிவின் தொடக்கத்தில் ‘அளவுகள் இந்திய அலகில் தரப்பட்டுள்ளன’ என்று ஒரு துண்டு வைக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு இந்த மாற்றம் தேவையில்லை, அங்கும் mmol/L-தான்.

அலகு சொல்லாமல் வரும் எண்ணில்தான் பெரிய ஆபத்து. “ஏழுக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்” என்று பேச்சாளர் சொல்லும்போது, அந்த ஏழு அப்போதைய இரத்தச் சர்க்கரையாக இருந்தால் 126 என்று எழுத வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c சதவீதமாக இருந்தால் 7% என்றே விட வேண்டும். பிரிட்டனில் HbA1c-யை mmol/mol-இலும் சொல்கிறார்கள் என்பதால், 53 என்று காதில் விழுந்தால் அது நம் அறிக்கையில் 7%, 48 என்றால் 6.5%. படவில்லையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் வைத்து வேலை செய்பவர் இதில் தவறாமல் சறுக்குவார்.

HbA1c, மருந்துப் பெயர்கள் ஆகியவற்றை ஆங்கில எழுத்தில் விடலாமா?

நோயாளி அந்தப் பெயரை வேறெங்கே பார்க்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். HbA1c என்பது ஆய்வக அறிக்கையில் அந்த எழுத்துகளிலேயே அச்சாகி வருகிறது; ‘ஹெச்பிஏ1சி’ என்று எழுதினால் அறிக்கையோடு பொருத்திப் பார்க்க முடியாது. முதல் முறை ‘HbA1c எனும் மூன்று மாதச் சராசரி’ என்று விளக்கி, பிறகு HbA1c என்றே தொடரலாம்.

மருந்துப் பெயர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ் எழுத்தில் வல்லின ஒலிகளைப் பிரித்துக் காட்ட முடிவதில்லை. Gliclazide, Glipizide, Glimepiride ஆகியவை தமிழில் கிளிக்ளசைடு, கிளிபிசைடு, கிளிமிபிரைடு என்றாகி, வேகமாகப் படிக்கும் கண்ணுக்கு ஒன்று போலவே தெரிகின்றன. மாத்திரை அட்டையில் உள்ள எழுத்திலேயே விடுவது பாதுகாப்பு. இன்சுலின், மெட்ஃபார்மின் போல வழக்கில் ஊறிவிட்டவற்றைத் தமிழில் எழுதலாம். ‘மெட்ஃபார்மின்’, ‘மெட்பார்மின்’ இரண்டில் எது என்பதைப் பட்டியலில் முன்பே குறித்துவிடுங்கள்.

வரியையும் துண்டையும் எங்கே உடைப்பது?

வரியை உடைப்பதில் பெயரெச்சத்தை அதன் பெயரிலிருந்தும், எண்ணை அதன் அலகிலிருந்தும் பிரிக்காமல் இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். துண்டை உடைப்பதில்தான் உயிர்ப் பிரச்சினை இருக்கிறது. ஆங்கிலத்தில் மறுப்பு முன்னால் வரும். தமிழில் கடைசியில் வரும். “உடல்நலமில்லாத நாளில் இன்சுலினை நிறுத்த” என்று ஒரு துண்டு முடிந்து, “வேண்டாம்” என்பது அடுத்த துண்டில் வந்தால், இடையில் கண்ணை எடுத்தவருக்குக் கிடைப்பது நேர் எதிரான அறிவுரை. “மயங்கியவருக்கு வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது” என்பதும் அப்படித்தான். வேண்டாம், கூடாது, இல்லை, தவிர ஆகியவற்றில் எதுவும் ஒரு துண்டின் முதற்சொல்லாக நிற்கக் கூடாது என்பது என் விதி. முடித்த கோப்பில் இந்த நான்கு சொற்களையும் தேடி, ஒவ்வோர் இடத்தையும் கண்ணால் பார்க்கிறேன். வாக்கியம் நீளமென்றால் மறுப்பை உடன்பாடாக்கிவிடலாம்: “உடல்நலமில்லாத நாளிலும் இன்சுலினைத் தொடருங்கள்.”

எழுத்துகள் உடைந்து தெரிகின்றன. படவில்லையின் கீழ்ப்பகுதியும் மறைகிறது. என்ன செய்வது?

கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளியிட்ட வட்டம் தெரிந்தாலோ, எழுத்துகளைக் கோக்கும் வேலையை அந்த மென்பொருள் செய்யவில்லை என்று பொருள். கோப்பை UTF-8 ஆகச் சேமித்து, ffmpeg கொண்டு படத்தோடு பதித்துப் பாருங்கள்:

```
ffmpeg -i in.mp4 -vf "subtitles=ta.srt:force_style='FontName=Noto Sans Tamil'" -c:a copy out.mp4
```

படவில்லையின் அடியில் எண்கள் இருக்கும் இடங்களில் மட்டும் துண்டை மேலே ஏற்றலாம். WebVTT கோப்பானால் நேர வரியின் முடிவில் `line:5%` என்று சேர்த்தால் போதும். பேச்சாளர் சுட்டிக்காட்டும் அட்டவணையே மறைகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அடிக்குறிப்பு மறைந்தால் பாதகமில்லை.

எல்லாம் முடிந்த பின் யாரிடம் காட்டிச் சரிபார்ப்பது?

இருவரிடம், இரு வேறு முறைகளில் காட்ட வேண்டும். மருத்துவருக்கு எண், அளவு, மருந்து, மறுப்பு ஆகியவை வரும் துண்டுகளை மட்டும் நேரக் குறிப்போடு தனியே எடுத்து அனுப்புங்கள். முழுக் கோப்பையும் அனுப்பினால் அவர் இலக்கணம் திருத்தத் தொடங்கிவிடுவார், எண்கள் அப்படியே நின்றுவிடும். இன்னொருவர் சர்க்கரை நோய் உள்ளவராக, ஆங்கிலம் அறியாதவராக இருக்க வேண்டும். ஒலியை அணைத்துக் கைபேசியில் பத்து நிமிடம் பார்க்கச் செய்து, “தாழ்சர்க்கரை வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது ஓர் அம்மா மாத்திரை, பழச்சாறு, பதினைந்து நிமிடம் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டு, “எந்த மாத்திரை? நான் காலையில் போடுகிற சர்க்கரை மாத்திரையா?” என்று கேட்டார். 119-ஆம் துண்டில் ‘குளுக்கோஸ்’ என்ற சொல் இருந்தும் அவர் கண் ‘மாத்திரை’யில்தான் நின்றிருந்தது. அவர் கேட்டதைப் போலச் செய்தால் சர்க்கரை இன்னும் இறங்கும். அந்தத் துண்டின் முதல் வரியை ‘3-4 குளுக்கோஸ் வில்லைகளையோ’ என்று மாற்றி, சொற்பட்டியலில் ‘மாத்திரை’ மருந்துக்கு மட்டும் என்று எழுதி வைத்தேன்.